கந்தக அமில ஆலையின் மாற்றியில் மாற்று விகிதம் குறையும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஜூரோங் தீவின் ஆலைகளில் இரவுப் பணி பார்க்கும் தமிழ்த் தொழில்நுட்பர்களையும், பலதுறைத் தொழிற்கல்லூரியில் வேதிப்பொறியியல் படிக்கும் மாணவர்களையும் மனத்தில் வைத்து இக்குறிப்பு எழுதப்படுகிறது. கந்தகத்தை எரித்து, கிடைக்கும் வாயுவை நான்கு வினையூக்கிப் படுகைகள் கொண்ட மாற்றியில் செலுத்தி, இடையில் ஒருமுறையும் இறுதியில் ஒருமுறையும் அமிலத்தில் உறிஞ்சவைக்கும் ஆலையே இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. புகைபோக்கியில் கந்தக டைஆக்சைடு கூடும்போது எந்தத் தெர்மோகப்புளை முதலில் பார்ப்பது, எதைத் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதே பொருள். வினையைப் பல கட்டங்களாகப் பிரிப்பதும் வனேடியம் ஆக்சைடைப் பயன்படுத்துவதும் ஏன் என்ற கேள்விக்கான விடை, இந்த அறிகுறிகளைப் பிரித்தறிவதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில்: நலமாக ஓடும் மாற்றியின் அளவீடுகள்

SO₂ + ½O₂ ⇌ SO₃

இந்த வினை மீளும் வினை. ஒவ்வொரு மோலுக்கும் ஏறக்குறைய 99 கிலோஜூல் வெப்பத்தை வெளியிடுவது. வெப்பநிலை ஏற ஏறச் சமநிலை இடப்பக்கம் சாய்கிறது, அதாவது உருவான டிரையாக்சைடு மீண்டும் டைஆக்சைடாகப் பிரிகிறது. வெப்பநிலையை இறக்கிவிடலாமே என்றால், சுமார் 400 டிகிரிக்குக் கீழே வழக்கமான வினையூக்கி மந்தமாகிவிடுகிறது. கீழே வினையூக்கி விதிக்கும் எல்லை, மேலே சமநிலை விதிக்கும் எல்லை, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் ஆலை ஓட வேண்டும்.

கணக்குக்காக 10 விழுக்காடு டைஆக்சைடும் 11 விழுக்காடு ஆக்சிஜனும் மீதி நைட்ரஜனும் கொண்ட வாயுவை எடுத்துக்கொள்வோம். இவ்வாயுவில் உள்ள டைஆக்சைடு முழுவதும் மாறினால், வெளியே வெப்பம் இழக்கப்படாத நிலையில், வாயு சுமார் 294 டிகிரி சூடேறும். ஆகவே ஒவ்வொரு 10 விழுக்காடு மாற்றத்துக்கும் ஏறத்தாழ 29 டிகிரி உயர்வு உண்டு. இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால், தெர்மோகப்புள் காட்டும் வெப்பநிலை உயர்வையே மாற்று விகிதமாக வாசித்துவிடலாம்.

முதல் படுகைக்குள் வாயு 420 டிகிரியில் நுழைந்தால், தன் வெப்பத்தாலேயே சூடேறி 620 டிகிரியை எட்டும்போது மாற்றம் 68 விழுக்காட்டில் நின்றுவிடும். அந்த வெப்பநிலையில் சமநிலை அதற்கு மேல் இடம் தராது. அதே படுகையில் இன்னும் பத்து டன் வினையூக்கியைக் கொட்டினாலும் ஒரு விழுக்காடுகூடக் கூடாது, ஏனெனில் வினையூக்கி சமநிலைக்குச் செல்லும் வேகத்தைக் கூட்டுமே தவிர, சமநிலையை நகர்த்தாது. எனவே வாயுவை வெளியே எடுத்து, பாய்லரிலோ வெப்பமாற்றியிலோ குளிர்வித்து, 440 டிகிரியில் இரண்டாம் படுகைக்கு அனுப்புகிறார்கள். அங்கே அது 510 டிகிரி வரை ஏறி 92 விழுக்காட்டை அடைகிறது. மறுபடியும் குளிர்வித்து 435 டிகிரியில் மூன்றாம் படுகைக்கு அனுப்பினால் 451 டிகிரியில் 97.4 விழுக்காடு கிடைக்கிறது. முதல் மூன்று படுகைகளின் உயர்வுகள் முறையே 200, 70, 16. அடுக்குக் கேரியரைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படுகைகளை வைத்து, இடையிடையே வாயுவை வெளியே எடுப்பதன் முழுக் காரணமும் இந்த மூன்று எண்களில் அடங்கியிருக்கிறது.

இவை வெப்ப இழப்பைக் கழிக்காத, சமநிலையை முழுமையாக எட்டிய கணக்குகள். உங்கள் ஆலையின் எண்கள் சற்றுத் தாழ்ந்தே இருக்கும். வினையூக்கி புதிதாக இருந்த காலத்தில் பதிவான அளவீடுகளை ஒரு தாளில் எழுதிக் கட்டுப்பாட்டு அறையில் ஒட்டிவைப்பது நல்லது. ஒப்பிடுவதற்கு அடிப்படை இல்லாமல் கீழே உள்ள எதுவும் பயன்படாது.

அறிகுறி 1: புகைபோக்கி அளவு கூடுகிறது, முதல் படுகையின் வெளிவெப்பநிலை தாழ்ந்திருக்கிறது

"அண்ணே, ஸ்டாக் ஏறுது, ஃபர்ஸ்ட் பெட் அவுட்லெட் 575தான் காட்டுது. இன்லெட்டைக் கொஞ்சம் ஏத்திரட்டுமா?" இரவுப் பணியில் இளையவர் மூத்தவரிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வரும். விடை சில வேளைகளில் ஆம், சில வேளைகளில் கூடவே கூடாது. எது என்று அறிய, முதல் படுகையை விட்டுவிட்டு இரண்டாம் படுகையைப் பார்க்க வேண்டும்.

முதல் படுகையின் உயர்வும் இரண்டாம் படுகையின் உயர்வும் சேர்ந்தே குறைந்திருந்தால், பழுது மாற்றியில் இல்லை. வரும் வாயுவின் செறிவு குறைந்துவிட்டது. டைஆக்சைடு 10 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காட்டுக்கு இறங்கினால் முதல் படுகையின் வெளிவெப்பநிலை 600 டிகிரிக்கு அருகில் நிற்கும், இரண்டாம் படுகையின் உயர்வும் 70இலிருந்து 45 அளவுக்குத் தாழும். செறிவு குறைந்த வாயுவில் மாற்று விகிதம் உண்மையில் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை, எனவே புகைபோக்கியில் கூடிய அளவுக்குக் காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும். உலையின் கந்தகப் பம்பையும் காற்றின் அளவையும் முதலில் பாருங்கள். கருவியின் மேல் ஐயம் இருந்தால் பழைய ரைக் சோதனையைச் செய்துவிடலாம்: அளந்து எடுத்த அயோடின் கரைசலில் ஸ்டார்ச் சேர்த்து அதனூடே வாயுவை மெதுவாக இழுத்தால், நீலம் சற்று நேரம் அசையாமல் நின்று, பிறகு விளிம்பிலிருந்து வெளிறி, ஒரே கணத்தில் மறைந்துவிடும். அதுவரை எவ்வளவு வாயு சென்றது என்பதிலிருந்து செறிவு கிடைக்கும். மின்னணுப் பகுப்பான் எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும் இச்சோதனை தெரிந்த ஒருவராவது ஒவ்வொரு குழுவிலும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மாறாக, முதல் படுகையின் உயர்வு குறைந்து இரண்டாம் படுகையின் உயர்வு கூடியிருந்தால், முதல் படுகை செய்யாத வேலையை இரண்டாம் படுகை செய்துகொண்டிருக்கிறது. ஓர் இரவின் அளவீடுகள் இப்படி இருப்பதாகக் கொள்வோம்: முதல் படுகை 420இலிருந்து 575, இரண்டாவது 440இலிருந்து 541, மூன்றாவது 435இலிருந்து 463. உயர்வுகள் 155, 101, 28. மொத்தம் 284. முன்பு மொத்தம் 286. வேறுபாடு இரண்டே டிகிரி என்பதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் 284ஐ 294ஆல் வகுத்தால் மாற்று விகிதம் 96.6 விழுக்காடு, முன்பு 97.4. மாறாமல் நழுவும் பங்கு 2.6 விழுக்காட்டிலிருந்து 3.4 விழுக்காடாக, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கூடியிருக்கிறது. நான்காம் படுகை தன்னிடம் வருவதில் பத்தில் ஒன்பது பங்கை மாற்றும் என்று கொண்டால், புகைபோக்கியில் தெரிவதும் அதே மூன்றில் ஒரு பங்கு உயர்வுதான். மாற்று விகிதத்தைப் பார்த்து ஏமாறாமல், நழுவும் பங்கைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

இனி முதல் படுகை ஏன் சோர்ந்தது என்று பார்ப்போம். 575 டிகிரி என்பது 620 என்ற சமநிலை எல்லைக்கு வெகு கீழே. எனவே சமநிலை தடுக்கவில்லை, வேகம் போதவில்லை. உள்ளே நுழையும் வாயு உண்மையிலேயே 420 டிகிரியில்தான் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. படுகையின் குறுக்கே உள்ள தெர்மோகப்புள்களில் ஒன்று 425ஐயும் மற்றொன்று 395ஐயும் காட்டினால், வாயு சரியாகக் கலக்காமல் ஒரு பக்கம் குளிர்ந்து நுழைகிறது. பைபாஸ் டேம்பரைச் சரிசெய்தால் தீர்ந்துவிடும்.

வெப்பநிலை எங்கும் சீராக இருந்தால், படுகையின் ஆழத்தில் உள்ள தெர்மோகப்புள்களைப் படியுங்கள். வினையூக்கி நலமாக இருக்கும்போது வெப்பநிலையின் பெரும்பகுதி படுகையின் மேற்பாதியிலேயே ஏறிவிடும். மேலே உள்ள தெர்மோகப்புள் உள்நுழை வெப்பநிலையையே காட்டிக்கொண்டிருக்க, ஏற்றம் அடிப்பகுதியில் மட்டும் தெரிந்தால், மேலடுக்கு செயலிழந்துவிட்டது.

அது செயலிழப்பது எப்படி என்று அறிய, வினையூக்கி வேலை செய்யும் விதத்தைத் தெரிந்திருக்க வேண்டும். மாற்றியில் இருப்பது வெறும் வனேடியம் பென்டாக்சைடு அன்று. நுண்துளைகள் நிறைந்த சிலிக்காவின் மேல் சில விழுக்காடு பென்டாக்சைடும் அதனுடன் பொட்டாசியம் சல்ஃபேட்டும் சேர்ந்திருக்கும். ஓடும் வெப்பநிலையில் பொட்டாசியம் உப்பு டிரையாக்சைடை ஈர்த்துப் பைரோசல்ஃபேட்டாகி உருகுகிறது. வனேடியம் அந்த உருக்கில் கரைந்து, துளைகளின் சுவரில் மெல்லிய திரவப் படலமாகப் படிகிறது. வினை நடப்பது இந்தத் திரவத்தில். ஐந்திணைதிற வனேடியம் டைஆக்சைடுக்கு ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு நான்கிணைதிறத்துக்கு இறங்குகிறது. வாயுவில் உள்ள ஆக்சிஜன் அதை மீண்டும் ஐந்துக்கு ஏற்றுகிறது. வெப்பநிலை 400 டிகிரிக்குக் கீழே போகும்போது நான்கிணைதிறச் சேர்மங்கள் உருக்கிலிருந்து திண்மமாகப் பிரிந்துவிடுவதால், வினைக்குக் கிடைக்கும் வனேடியம் குறைந்து வேகம் சட்டென்று விழுகிறது. இது நிரந்தரக் கேடு அன்று, மீண்டும் சூடேற்றினால் அவை கரைந்துவிடும். மேலடுக்கின் நிரந்தரக் கேட்டுக்குக் காரணம் பெரும்பாலும் வாயுவோடு வரும் சாம்பலும் குழாய்களின் இரும்புத் துருவும். அவை துளைவாய்களை மூடி, மேலே ஓடு போலக் கெட்டிப்படுகின்றன.

மேலடுக்கு செயலிழந்தது உறுதியானால் உள்நுழை வெப்பநிலையைப் பத்துப் பதினைந்து டிகிரி உயர்த்துவது, அடுத்த நிறுத்தம் வரை தாக்குப்பிடிக்க உதவும் நியாயமான வழி. இளையவரின் கேள்விக்கு இந்த நிலையில் விடை ஆம். ஐந்தைந்து டிகிரியாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் வெளிவெப்பநிலை நிலைபெறக் காத்திருக்க வேண்டும். இரண்டாம் படுகையின் உயர்வு குறையத் தொடங்கினால் திசை சரி என்று பொருள்.

அறிகுறி 2: முதல் படுகை நன்றாகச் சூடாக இருக்கிறது, ஆனாலும் புகைபோக்கி அளவு கூடுகிறது

இதில்தான் அதிகம் பேர் தவறாக நடக்கிறார்கள். முதல் படுகையின் வெளிவெப்பநிலை 630ஐத் தொடுகிறது, திரையில் எல்லாம் உற்சாகமாகத் தெரிகிறது, ஆனால் இரண்டாம் படுகையின் உயர்வும் கூடியிருக்கிறது.

உள்நுழை வெப்பநிலையைப் பாருங்கள். அது 440ஆக இருக்கும். யாரோ ஒரு பணிநேரத்தில் உயர்த்தியது அப்படியே விடப்பட்டிருக்கலாம், அல்லது பைபாஸ் டேம்பர் நழுவியிருக்கலாம். 440இல் நுழையும் வாயு 630இல் சமநிலையைத் தொட்டுவிடும். அங்கே மாற்றம் 64.5 விழுக்காடுதான். வெளியே வரும் வாயு பத்து டிகிரி கூடுதலாகச் சூடாக இருக்கிறது, ஆனால் படுகையின் உயர்வு 200இலிருந்து 190ஆகக் குறைந்திருக்கிறது. வெளிவெப்பநிலையை மட்டும் பார்ப்பவருக்குப் படுகை முன்னைவிட நன்றாக வேலை செய்வதாகத் தோன்றும். உயர்வைப் பார்ப்பவருக்கு உண்மை தெரியும். இந்நிலையில் இன்னும் உயர்த்தினால் மாற்றம் இன்னும் குறையும், வினையூக்கியின் தாங்கு எல்லையும் நெருங்கிவிடும். 630 முதல் 650 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் வைத்திருந்தால் சிலிக்காவின் நுண்துளைகள் சிதைந்து, வனேடியத்தின் செயல்திறன் மீளாமல் போய்விடும்.

ஆகவே விதி இது: வெளிவெப்பநிலை சமநிலை எல்லையைத் தொட்டிருந்தால் உள்நுழை வெப்பநிலையைக் குறையுங்கள், எல்லைக்கு வெகு கீழே இருந்தால் மட்டுமே உயர்த்துவது பற்றி யோசியுங்கள். எல்லை வாயுவின் செறிவைப் பொறுத்து மாறும் என்பதால், செறிவைத் தெரிந்துகொள்ளாமல் இந்த முடிவை எடுக்கக் கூடாது.

பிளாட்டினத்தை ஏன் கைவிட்டார்கள் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. 1831இல் பிரிஸ்டல் நகரத்துக் காடி வணிகர் பெரகிரின் ஃபிலிப்ஸ் காப்புரிமை பெற்றது பிளாட்டினத்தின் மேல் இவ்வினையை நடத்தும் முறைக்குத்தான். பிளாட்டினம் குறைந்த வெப்பநிலையிலேயே வேகமாக வேலை செய்வது, அந்த வகையில் சமநிலைக்கு மிக உகந்தது. ஆனால் தாது வறுத்த வாயுவில் வரும் சிறிதளவு ஆர்சனிக்கே அதை முடக்கிவிடுகிறது, விலையோ சொல்ல வேண்டியதில்லை. வனேடியம் அந்த நச்சைப் பெருமளவு தாங்குகிறது, மலிவாகவும் கிடைக்கிறது. அதற்கு ஈடாக நாம் கொடுப்பது 400க்கு மேல் ஓட வேண்டிய கட்டாயம். அந்தக் கட்டாயத்தால் சமநிலையில் இழப்பதைத்தான் கட்டம் கட்டமாகக் குளிர்வித்துத் திரும்பப் பெறுகிறோம்.

அறிகுறி 3: முதல் மூன்று படுகைகளும் சரி; புகைபோக்கி மட்டும் சரியில்லை

மூன்றாம் படுகைக்குப் பின் மேலும் குளிர்வித்து இன்னொரு படுகையில் விட்டாலும் பலன் சிறிதே, ஏனெனில் வாயுவில் டிரையாக்சைடு நிறைந்திருக்கிறது. எனவே வாயுவை இடை உறிஞ்சு கோபுரத்துக்கு அனுப்பி, 98 விழுக்காட்டு அமிலத்தில் டிரையாக்சைடை உறிஞ்சவைத்து, மிஞ்சிய டைஆக்சைடையும் ஆக்சிஜனையும் மீண்டும் சூடேற்றி நான்காம் படுகைக்குக் கொண்டுவருகிறார்கள். விளைபொருளை அகற்றிவிட்டதால் சமநிலை புதிதாகத் தொடங்குகிறது; மொத்த மாற்றம் 99.7 விழுக்காட்டைத் தாண்டுவது இதனால்தான். 1960களில் பேயர் நிறுவனம் தொழிலுக்குக் கொண்டுவந்த இந்த இரட்டை உறிஞ்சல் முறையில், இடையில் வரும் கோபுரமும் ஒருவகையில் ஒரு கட்டமே.

நான்காம் படுகையின் உயர்வு நலமான நிலையில் ஒன்பது டிகிரி அளவில்தான் இருக்கும். அது இரண்டு மூன்று டிகிரியாகக் குறைந்து புகைபோக்கி அளவு கூடியிருந்தால், படுகை பற்றிக்கொள்ளவில்லை. உள்நுழை வெப்பநிலை தாழ்ந்துவிட்டதா என்று பாருங்கள். கோபுரத்திலிருந்து வரும் வாயு 80 டிகிரி அளவில் இருப்பதால், அதை 420க்கு ஏற்றும் வெப்பமாற்றிகள் சற்று அடைபட்டாலும் இப்படுகைதான் முதலில் பட்டினி கிடக்கும். சீசியம் சேர்த்த வனேடிய வினையூக்கி இங்கே பொருத்தமானது: அதன் உருக்கு தாழ்ந்த வெப்பநிலையிலும் வனேடியத்தைக் கரைத்துவைத்திருப்பதால் 390 டிகிரியிலேயே வேலை செய்யும், சமநிலையும் அவ்வளவுக்கு மேம்படும். விலை கூடுதல் என்பதால் எல்லாப் படுகைகளுக்கும் அதை நிரப்புவதில்லை. 620 டிகிரியில் வெளியேறும் முதல் படுகையின் அடிப்பாதியில் அதைப் போடுவது வீண்.

உயர்வு ஒன்பதிலிருந்து பதினொன்று, பன்னிரண்டு என்று கூடியிருந்தால் நான்காம் படுகைக்குத் தேவைக்கு மேல் டைஆக்சைடு வருகிறது. மூன்று படுகைகளின் கூட்டுத்தொகை மாறவில்லை என்பது உறுதியானால், அடுத்த ஐயம் இரண்டாம் படுகையின் வாயுவால் நான்காம் படுகையின் வாயுவைச் சூடேற்றும் வெப்பமாற்றியின் மேல் விழ வேண்டும். அதன் குழாயில் துளை விழுந்தால், அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து வாயு குறுக்கே பாயும். உறுதிப்படுத்த இரண்டு இடங்களில் ரைக் சோதனை செய்யுங்கள்: கோபுரத்தின் வெளிவாயில், நான்காம் படுகையின் நுழைவாயில். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கோபுரத்தில் 0.30 விழுக்காடும் படுகையின் நுழைவில் 0.36 விழுக்காடும் வந்தால், இரண்டாம் படுகையை விட்டு வரும் வாயுவில் 0.84 விழுக்காடு இருப்பதால், நுழையும் வாயுவில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு கசிந்து வந்தது என்று கணக்கிட்டுவிடலாம். வெப்பநிலையை எவ்வளவு திருப்பினாலும் இது தீராது, குழாயை அடைக்க நிறுத்தம் தேவை.

மூன்றாம் படுகையின் வாயுவோடு தொடர்புள்ள வெப்பமாற்றியில் கசிவு என்றால் இச்சோதனை பிடித்துத் தராது, ஏனெனில் இரு பக்கமும் டைஆக்சைடு ஏறக்குறைய ஒன்றே. அங்கே நான்காம் படுகையின் நுழைவில் டிரையாக்சைடு இருக்கிறதா என்று தேட வேண்டும். மாதிரிக் குழாய் குளிரும் இடத்தில் வெண்புகை எழுவது அதன் அடையாளம்.

அறிகுறி 4: முதல் படுகையின் குறுக்கே அழுத்த வீழ்ச்சி கூடுகிறது

மாற்று விகிதம் நன்றாக இருந்து அழுத்தம் மட்டும் கூடினால் அது தூசுதான். மற்றப் படுகைகளில் கூடாமல் முதல் படுகையில் மட்டும் கூடுவது அதை உறுதிப்படுத்தும். அடுத்த நிறுத்தத்தில் மேலடுக்கை எடுத்துச் சலித்து, உடைந்ததை நீக்கிப் புதியதை மேலே போட வேண்டும். கந்தக வடிகட்டியைச் சரிசெய்யாமல் சலிப்பது மட்டும் போதாது.

அறிகுறி 5: நிறுத்தத்துக்குப் பின் தொடங்கியபோது மாற்றி முன்போல எழவில்லை

நிறுத்தும்போது என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். சூடான வினையூக்கி தன் துளைகளில் டிரையாக்சைடை நிறையப் பிடித்துவைத்திருக்கும். கந்தகத்தை நிறுத்தியவுடன் அப்படியே குளிரவிட்டால், உள்ளே புகும் ஈரத்தோடு சேர்ந்து அது அமிலமாகத் துளைகளில் தங்கி, வளையங்களை நொறுக்கிவிடும். சிங்கப்பூரின் காற்றில் கன மீட்டருக்கு 20 கிராமுக்கு மேல் நீராவி இருப்பது சாதாரணம். திறந்து கிடக்கும் ஒரு வாயில் போதும். எனவே உலர்த்துக் கோபுரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, படுகைகள் சூடாக இருக்கையிலேயே, உலர்ந்த சூடான காற்றைச் செலுத்தி, இறுதி வெளிவாயில் வெண்புகை நிற்கும்வரை ஊதித் தள்ள வேண்டும். அதன்பிறகே குளிர்வித்து, எல்லா வாயில்களையும் மூட வேண்டும்.

தொடங்கும்போது முதல் படுகையின் மேற்பரப்பும் நான்காம் படுகையின் மேற்பரப்பும் 400 டிகிரியைக் கடந்த பிறகே கந்தகத்தை எரிக்கத் தொடங்குங்கள். முதல் படுகையை மட்டும் சூடேற்றிவிட்டு மற்றவை அதன் வெப்பத்தால் தாமாக எழும் என்று விட்டால், நான்காம் படுகை எழும்வரை நழுவும் பங்கு முழுவதும் புகைபோக்கி வழியே போகும். சூடேற்றும் காற்றை நான்காம் படுகைக்கும் திருப்பிவிடும் குழாய் உங்கள் ஆலையில் இருந்தால் அதைத் திறக்கத் தயங்க வேண்டாம். இல்லையென்றால் கந்தகத்தின் அளவைக் குறைத்துத் தொடங்கி, நான்காம் படுகையின் தெர்மோகப்புள் நகரத் தொடங்கிய பிறகு மெல்ல உயர்த்துங்கள்.